நியூட்ரல் அறுந்த அன்று நான் எழுதிய அறிக்கை

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் போகும் ஒரு சாலையோரத்தில் என் பட்டறை இருக்கிறது. சுற்றுப்புற டீ ஃபேக்டரிகளில் இருந்து வரும், தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலர்களுக்குப் பல் தீட்டிக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. லேத் ஒன்று, மில்லிங் மெஷின் ஒன்று, ரோலர் பல் வேலைக்கான சேஸிங் மெஷின் ஒன்று, ஆர்கான் வெல்டிங் செட், கம்ப்ரஸர். என்னோடு சேர்ந்து மூன்று பேர்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே முக்கால் மணி இருக்கும். காற்றும் மழையுமாக இருந்தது, ஆனால் இடி மின்னல் இல்லை. லேத்தில் ஒரு ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று மேலே இருந்த எல்.இ.டி. பட்டை விளக்குகளில் பாதி கண் கூசும்படி எரிந்தன, மறுபாதி மங்கின. இரண்டு விளக்குகள் பட்டென்று வெடித்தன. சேஸிங் மெஷினின் பேனலுக்குள் இருந்து புகை வந்தது. தம்பி ஓடிப்போய் மெயினை இறக்குவதற்குள் அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடமே போதுமானதாக இருந்தது.

அப்போது கவனித்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். மெயினை இறக்கும் வரை லேத் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரே கூரைக்கடியில் ஒரு மெஷின் எரிகிறது, இன்னொன்று ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. லைனில் மொத்தமாகவே வோல்டேஜ் ஏறியிருந்தால் லேத் மோட்டாரும் கத்தியிருக்க வேண்டும்.

லேத் மோட்டார் மூன்று ஃபேஸில் ஓடுவது. அதன் ஸ்டார்ட்டர் காயில்கூட இரண்டு ஃபேஸுக்கு நடுவே கட்டிய 415 வோல்ட் காயில். அதற்கு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது ஒயர், வேண்டவே வேண்டாம். எரிந்தவை எல்லாம் ஒரு ஃபேஸையும் நியூட்ரலையும் எடுத்து ஓடுபவை: சேஸிங் மெஷினின் கன்ட்ரோல் பேனல், வெல்டிங் செட், மில்லிங்கில் அளவு காட்ட மாட்டிய டி.ஆர்.ஓ. திரை, கம்ப்யூட்டர், கேமராவின் டி.வி.ஆர். பெட்டி. பட்டியலை மனதுக்குள் ஓட்டியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கேயோ நியூட்ரல் அறுந்திருக்கிறது.

நியூட்ரல் அறுந்தால் மின்சாரம் வராது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒரு ஃபேஸ் மட்டும் உள்ள வீட்டில், அந்த வீட்டுக்கு வரும் ஒயரிலேயே அறுந்தால் அப்படித்தான். ஆனால் மூன்று ஃபேஸ் லைனில் பொது நியூட்ரல் போய்விட்டால், ஒரு ஃபேஸில் இருக்கும் சாமானும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் சாமானும் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது போல ஆகிவிடும். ஒரு பக்கம் 100 வாட் குண்டு பல்பு, மறுபக்கம் 1000 வாட் ஹீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்பின் ரெசிஸ்டன்ஸ் ஹீட்டரைப்போல் பத்து மடங்கு. 415-ஐப் பதினொரு பங்காக்கினால் பத்துப் பங்கு பல்புக்குப் போகும், அதாவது ஏறக்குறைய 377 வோல்ட். ஹீட்டருக்கு மிச்சம் 38 தான். குறைவாக இழுக்கிற சாமானுக்குத்தான் அடி அதிகம். கம்ப்யூட்டரும் கன்ட்ரோல் பேனலும் போவது அதனால்தான். எம்.சி.பி. இதைத் தடுக்காது. அது கரண்ட் கூடினால் விழும், வோல்டேஜ் கூடினால் அதற்குத் தெரியாது.

அறுந்தது என் பக்கத்திலா, கம்பத்தின் பக்கத்திலா என்பது அடுத்த கேள்வி. பணம் யார் கொடுப்பது என்பதே இதில்தான் இருக்கிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம் என் ஒயரிங், அந்தப் பக்கம் மின்வாரியத்தின் லைன். நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவன், முறையான மீட்டரும் ரப்பர் பாயும் இருந்தன. அவை இல்லாதவர்கள் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அறுந்த நியூட்ரலிலும் ஷாக் அடிக்கும்.

மெயினை இறக்கியபடியே வைத்துக்கொண்டு, லைன் வந்து சேரும் பக்கத்தில் அளந்தேன். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே மூன்று ஜோடியிலும் 412 வோல்ட், ஒரு குறையும் இல்லை. நியூட்ரலோடு வைத்துப் பார்த்தால் ஆர் ஃபேஸில் 337, ஒய் ஃபேஸில் 100, பி ஃபேஸில் 322. மூன்றும் 240-ஐ ஒட்டி இருக்க வேண்டியவை. என் பட்டறையில் எந்தச் சாமானும் ஓடாத நேரத்தில் இந்தக் கோணல் வந்தால், அதை உண்டாக்குவது அக்கம்பக்கத்து லோடு. அப்படியானால் அறுந்த இடம் எனக்கும் அவர்களுக்கும் பொதுவான லைனில் இருக்கிறது. என் சர்வீஸ் ஒயரின் நியூட்ரல் மட்டும் அறுந்திருந்தால், மெயினை இறக்கிய பிறகு இப்படி நிலையான கோணல் வோல்டேஜ் நிற்காது, மீட்டரில் எண் அலைபாயும்.

ஆறு அளவுகளையும் தம்பி செல்போனில் படம் எடுத்தான். மீட்டரின் எண்ணும், முனைகள் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதும் ஒரே படத்தில் தெரியும்படி எடுக்கச் சொன்னேன். லைன்மேன் வந்து சரிசெய்துவிட்டால் இந்த எண்களை யாராலும் திரும்பக் காட்ட முடியாது.

உடனே கீழ்வீட்டுத் தையல் அக்காவுக்கு போன் போட்டு மெயினை இறக்கச் சொன்னேன். "டி.வி. வெடிச்சிருச்சுப்பா, இப்பத்தான் புள்ளைய வெளிய தள்ளிட்டு வந்தேன்" என்றார். மேலே இருக்கும் வர்க்கி பேக்கரி அண்ணன் சொன்னது நேர்மாறு: "இங்க லைட்டு எல்லாம் செவப்பா மினுக்குதுங்க, மிக்ஸிங் மெஷின் உறுமுது, சுத்த மாட்டேங்குது." அவருடைய கடையில் பெரிய லோடு முழுவதும் ஒய் ஃபேஸில். 100 வோல்ட் அங்கே. ஒரே நிமிடத்தில் ஒரு வீட்டில் வெடிக்கிறது, ஒரு கடையில் மங்குகிறது. நியூட்ரல் அறுந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. வோல்டேஜ் குறைந்தால் சாமானுக்கு ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். சுற்ற முடியாமல் உறுமும் மோட்டார் சில நிமிடங்களில் காயில் எரிந்து போகும். அண்ணன் சுவிட்சை அணைத்ததால் அது தப்பித்தது.

பிறகு வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொண்டேன். "கரண்ட் இல்லை" என்று சொல்லாமல், "நியூட்ரல் துண்டிப்பு, 337 வோல்ட் வருகிறது, மூன்று கட்டடங்களில் பாதிப்பு" என்று பதியச் சொன்னேன். ஒன்றேகால் மணி நேரத்தில் லைன்மேன் அண்ணன் வந்தார். மழையில் நனைந்துகொண்டே டிரான்ஸ்ஃபார்மரை ஆஃப் செய்துவிட்டுக் கம்பத்தில் ஏறினார். பேக்கரிக்கு எதிரே உள்ள கம்பத்தில் நியூட்ரல் ஜம்பர் கையோடு வந்துவிட்டது. அலுமினியக் கம்பியோடு செம்பு ஒயரை வெறுமனே முறுக்கிக் கட்டியிருந்த இணைப்பு அது. அலுமினியமும் செம்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். எங்கள் மலையில் வருஷத்தில் பாதி நாள் மூடுபனி. அதற்கென்று இரு உலோகக் கிளாம்ப் இருக்கிறது, அது அங்கே இல்லை. அரித்து நூலாக இருந்ததைச் சில்வர் ஓக் கிளை உரசி அறுத்துவிட்டது.

லைன்மேன் அண்ணனிடம் அந்தத் துண்டை நான் கேட்கவில்லை. அது வாரியத்தின் பொருள், அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் கையில் இருக்கும்போதே அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொண்டேன், பின்னணியில் கம்பத்தின் எண் தெரியும்படி.

இதில் எனக்கு இன்றுவரை மனம் ஆறாத ஒன்று உண்டு. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களாகவே அறிகுறி இருந்தது. வெல்டிங் செட்டைப் போட்டால் ஆஃபீஸ் அறையில் விளக்கு *பிரகாசமாகும்*. ஏதாவது போட்டால் விளக்கு கொஞ்சம் மங்குவது சாதாரணம். ஒன்றைப் போட இன்னொன்று பிரகாசமானால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு, மழைக்காலம், லைன் இப்படித்தான் ஆடும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே புகார் கொடுத்திருக்க வேண்டும்.

இனி அறிக்கை. அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன். வாரியத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் கேட்பது வேறு வேறு, ஆனால் நடந்தது ஒன்றுதான். அதனால் முதல் பக்கத்தை இருவருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி வைத்தேன். இரண்டு தாள்களில் நேரமோ காரணமோ மாறியிருந்தால், ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிவிடுவார்கள். முதல் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

"மதியம் சுமார் 2.45 மணிக்கு மூன்று ஃபேஸ் மோட்டார்கள் இயல்பாக ஓடிக்கொண்டிருந்தபோது, ஒற்றை ஃபேஸ் சாமான்களில் சில அதிக வோல்டேஜிலும் சில குறைந்த வோல்டேஜிலும் இயங்கின. மெயின் சுவிட்ச் உடனே இறக்கப்பட்டது. மெயின் இறக்கப்பட்ட நிலையில் லைன் பக்கத்தில் எடுத்த அளவுகள் கீழே உள்ளன. அதே நேரத்தில் பக்கத்து இரண்டு இணைப்புகளிலும் பாதிப்பு ஏற்பட்டது. பணியாளர் கம்பத்தில் நியூட்ரல் ஜம்பரை மாற்றிய பின் மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் சரியானது."

வாரியத்தின் அலட்சியம் என்றோ, என் பிழைப்பு போயிற்று என்றோ முதல் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. பார்த்தது, அளந்தது, அளந்த வரிசை மட்டும். ஜம்பர் மாற்றியதும் வோல்டேஜ் சரியானது என்ற கடைசி வாக்கியத்தைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். காரணத்தையும் விளைவையும் கட்டிவைக்கும் முடிச்சு அதுதான்.

நேரத்தை நிரூபிக்க டி.வி.ஆர். உதவியது. பெட்டி எரிந்துவிட்டாலும் அதற்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தது. கேமரா மாட்டிய தம்பியிடம், வேறு பெட்டியில் போட்டால் அது ஃபார்மட் செய்துவிடும், முதலில் கம்ப்யூட்டரில் படிக்க மட்டும் வைத்து நகல் எடு என்று சொன்னேன். கடைசி சில நொடிகளில் விளக்குகள் பிரகாசமாவதும், பின்னால் லேத் சக் ஒரே வேகத்தில் சுற்றுவதும் தெளிவாகப் பதிந்திருந்தது. டி.வி.ஆர். கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடியது, அதையும் அறிக்கையில் குறித்தேன். அவர்களே கண்டுபிடித்தால் சந்தேகம், நாமே சொன்னால் விவரம்.

வாரியத்துக்கு உரிய பக்கத்தில் சர்வீஸ் எண், புகார் எண், கம்பத்தின் எண், பக்கத்து இருவரும் தங்கள் சர்வீஸ் எண்ணோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலங்கள், சேதப் பட்டியல். உதவிப் பொறியாளரிடம் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினேன். அவர் நல்ல மனிதர். "சார், ஜம்பர் மாத்தினது எங்க ரிஜிஸ்டர்ல இருக்கு, ஆனா லெட்டரா தர எனக்கு பவர் இல்ல" என்றார். அப்படியானால் கேட்கும் வழியில் கேட்கலாம் என்று, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். "ஏன் அறுந்தது" என்று கேட்கவில்லை, அது கருத்து, பதில் வராது. இந்தத் தேதியில் இந்தக் கம்பத்தில் நடந்த வேலை குறித்த பதிவேட்டுப் பக்கத்தின் நகல், அதற்கு முந்தைய பராமரிப்புப் பதிவின் நகல், இவை இரண்டும் மட்டும். முப்பது நாள் கெடுவுக்குள் வந்துவிட்டது. "நியூட்ரல் ஜம்பர் பழுது, மாற்றப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. என் பத்துப் பக்கத்தைவிட அந்த ஒரு வரிதான் பேசியது.

இன்ஷூரன்ஸ் கதை வேறு. எனக்கு இரண்டு பாலிசி இருந்தது. பேங்க் லோனுக்காக எடுத்த ஃபயர் பாலிசி ஒன்று, மெஷினரி பிரேக்டவுன் பாலிசி ஒன்று. பட்டறை வைத்திருக்கும் நண்பர்களில் பாதிப் பேரிடம் முதல் பாலிசி மட்டும்தான் இருக்கிறது, கரண்டில் எரிந்தால் அதில் வரும் என்று நம்புகிறார்கள். வராது. ஓவர்ரன்னிங், ஷார்ட் சர்க்யூட், ஆர்க்கிங், தானே சூடாவது, மின்கசிவு ஆகியவற்றால் ஒரு மின் சாதனம் தானே கெட்டால், மின்னலே காரணமானாலும், அந்தச் சாதனத்துக்கு ஃபயர் பாலிசியில் பணம் இல்லை என்று விலக்குகளில் எழுதியிருக்கும். அதில் இருந்து தீ பரவி வேறு பொருள் எரிந்தால் அந்தப் பொருளுக்கு உண்டு. என் பேனலில் புகை வந்தது, தீ பரவவில்லை. நம் கேஸ் எந்தப் பாலிசியில் நிற்கும் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பாலிசி எண்ணைப் போட்டுத்தான் முதல் கடிதம் போக வேண்டும்.

நான் இங்கே ஒரு தவறு செய்யப் பார்த்தேன். ஏஜென்ட் அண்ணனுக்கு அன்று மாலை வாட்ஸ்அப்பில் "ஷார்ட் சர்க்யூட்ல மெஷின் போச்சு" என்று அடித்து, அனுப்புவதற்கு முன் அழித்தேன். ஷார்ட் சர்க்யூட் நடக்கவே இல்லை. முதல் தகவலில் நாம் போடும் சொல்தான் ஃபைல் முழுவதும் தொடரும். "மின்னல்" என்றும் போடாதீர்கள், "சர்ஜ்" என்றும் போடாதீர்கள். மின்னலில் வரும் சர்ஜ் கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும், இது நிமிடக் கணக்கில் நின்ற அதிக வோல்டேஜ். "வெளி லைனில் ஏற்பட்ட அதிக வோல்டேஜால் சேதம், காரணம் ஆராயப்படுகிறது" என்று எழுதி அன்றே மின்னஞ்சல் அனுப்பினேன்.

மூன்றாம் நாள், சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் அனுப்பிய சர்வேயர் வந்தார். அதுவரை ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. இது பேச்சுக்கு எளிது. நான்கு ஜோடி ரோலர் பட்டறையில் கிடந்தது, ஃபேக்டரிக்காரர்கள் போன் மேல் போன். மழுங்கிய ரோலரை வைத்து ஓட்டினால் அவர்களுடைய தூள் கெட்டுப்போகும். அதனால் இரண்டாம் நாளே, தாமதத்தால் வரும் நஷ்டத்தைச் சொல்லி, பார்வைக்குப் பின் உடனே பழுதுபார்க்க அனுமதி கேட்டு எழுதியிருந்தேன். சர்வேயர் பார்த்து முடித்த அன்று மாலையே எழுத்தில் அனுமதி வந்தது.

பேனலைத் திறந்தபோது சர்வேயரும் சர்வீஸ் இன்ஜினியரும் அருகருகே நின்றார்கள். பவர் சப்ளையின் நுழைவாயிலில் அதிக வோல்டேஜை உறிஞ்ச வைத்த நீலநிற வேரிஸ்டர் பிளந்து கருகியிருந்தது. அதற்கு அடுத்த கெப்பாசிட்டரின் தலை உப்பி வெடித்திருந்தது. சிக்னல் கேபிள்கள் செருகும் பக்கத்தில் ஒரு கறையும் இல்லை. மின்னலாக இருந்தால் பெரும்பாலும் கேபிள் வழியாகவும் நுழைந்து அந்தப் பக்கத்தையும் சுட்டிருக்கும். இன்ஜினியரிடம் வெறும் "பேனல் ரிப்பேர்" என்று பில் போடாமல், எந்தப் பாகம், என்ன நிலையில் இருந்தது, அது எதைக் காட்டுகிறது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னேன். எரிந்த போர்டுகளை எண் போட்டுப் பையில் கட்டி, இன்ஷூரன்ஸ் கேஸ் முடியும் வரை என் அலமாரியில் வைத்திருந்தேன். பழைய போர்டைக் கடைக்காரரிடம் விட்டுவந்துவிட்டுப் பிறகு தேடியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

இப்போது பணம். சேஸிங் மெஷின் பேனல் 1,26,000 ரூபாய். டி.ஆர்.ஓ. 22,000, வெல்டிங் செட் 18,500, கம்ப்யூட்டர் 14,000, டி.வி.ஆர். 6,500, விளக்குகள் 4,200. மொத்தம் 1,91,200. மெஷினரி பாலிசியின் பட்டியலில் லேத், மில்லிங், சேஸிங் மூன்றும்தான் இருந்தன. டி.ஆர்.ஓ.வை நான் பின்னால் வாங்கி மாட்டினேன், பட்டியலில் சேர்க்கவில்லை, போயிற்று. சேஸிங் மெஷினுக்கு நேரே "எலெக்ட்ரிக்கல் பேனல் உட்பட" என்று இருந்த மூன்று சொற்கள் காப்பாற்றின.

ஆனால் 1,26,000 முழுதாக வரவில்லை. அந்த மெஷினை 9 லட்சத்துக்கு வாங்கினேன், பாலிசியிலும் 9 லட்சம் என்றே வருஷா வருஷம் புதுப்பித்து வந்தேன். இந்தப் பாலிசியில் போட வேண்டியது வாங்கிய விலை இல்லை. அதே போன்ற புது மெஷினை இன்றைக்கு வாங்கி, இங்கே கொண்டுவந்து இறக்க ஆகும் விலை. சர்வேயர் விசாரித்ததில் அது 14 லட்சம். அதனால் பதினாலுக்கு ஒன்பது பங்கு என்று 81,000 ஆக்கி, நாமே ஏற்க வேண்டிய எக்ஸஸ் என்று பாலிசியில் கண்ட 9,000 கழித்து, 72,000 கொடுத்தார்கள். கணக்கில் தவறில்லை, நான் வாதிடவும் இல்லை. 14 லட்சத்துக்குப் போட்டிருந்தால் பிரீமியம் சில ஆயிரம்தான் கூடியிருக்கும். இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே பாலிசியை எடுத்து அந்த ஒரு எண்ணை மட்டும் பாருங்கள்.

மிச்சம் 1,19,200. அதைத்தான் வாரியத்திடம் கேட்கிறேன், முழு 1,91,200-ஐ அல்ல. ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது. இன்ஷூரன்ஸ் கொடுத்த 72,000-ஐ வாரியத்திடம் இருந்து வசூலிக்கும் உரிமை அவர்களுக்குப் போய்விடுகிறது, அதற்கான கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இன்ஷூரன்ஸ் பணம் வருவதற்கு முன்னால், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று வாரியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், இன்ஷூரன்ஸின் அந்த உரிமையை நாம் கெடுத்தது போல ஆகும், அங்கேயும் பணம் நின்றுவிடும். என்னிடம் அப்படி ஒரு தாளை ஒருவர் நீட்டினார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாரியத்தின் பக்கம் மனு வட்ட அளவிலான மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் இருக்கிறது. அங்கே சரிவராவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று வக்கீல் சொன்னார். தொழிலுக்கு வாங்கிய மின்சாரம்தானே, நீ நுகர்வோர் இல்லை என்று அங்கே எதிர்ப்பு வரும். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சுயதொழில் என்றால் சட்டத்தில் இடம் உண்டு, அதற்கு நானே மெஷினில் நிற்கிறேன் என்று காட்ட வேண்டும். நடந்த நாளில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்பதை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

பட்டறையில் மாற்றிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலர் சர்ஜ் அரெஸ்டர் மாட்டச் சொன்னார்கள். அது மின்னலுக்கு. நிமிடக் கணக்கில் 337 வோல்ட் நின்றால் அதுவே எரிந்துவிடும், பேனலில் பிளந்திருந்த வேரிஸ்டரும் அதே ஜாதிதான். ஒரு வயர்மேன், நியூட்ரலை எர்த் குழியோடு சேர்த்துவிட்டால் போதும் என்றார். அதைச் செய்யவே கூடாது. வெளியே நியூட்ரல் அறுந்தால் அக்கம்பக்கத்து லோடு எல்லாம் நம் எர்த் வழியாகத் திரும்பப் பார்க்கும். பங்குனி வெயிலில் மண் காய்ந்து எர்த் பலவீனமாக இருந்தால் மெஷின் உடம்பிலேயே கரண்ட் ஏறும், கை வைத்தவன் போவான். நான் வைத்தது வோல்டேஜ் பார்க்கும் ரிலே, நியூட்ரல் இல்லாமல் போனாலும் கண்டுபிடிக்கும் வகை. அது நான்கு முனை கான்டாக்டர் ஒன்றை இழுத்துப் பிடித்திருக்கும். எந்த ஃபேஸிலும் 270-க்கு மேலே போனாலோ 180-க்குக் கீழே இறங்கினாலோ விட்டுவிடும். ஒற்றை ஃபேஸ் சாமான் அத்தனையும் அதற்குப் பின்னால். பொருளும் கூலியும் சேர்த்து எனக்கு 11,000 ஆயிற்று.

வைகாசியில் ஒரு நாள் சாயங்காலம், கோடை மழை பெய்துகொண்டிருக்கும்போது அந்தக் கான்டாக்டர் டக்கென்று விழுந்தது. லேத் ஓடிக்கொண்டிருந்தது. ரிலேயின் திரையில் பார்த்தேன், பி ஃபேஸில் 291. மீட்டரை எடுப்பதற்கு முன்னால் செல்போனை எடுத்துத் தையல் அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, மெயின எறக்குங்க." மறுமுனையில் ஓடும் சத்தமும், சுவிட்ச் விழும் சத்தமும் கேட்டது. அடுத்து பேக்கரி அண்ணன். அதற்குப் பிறகுதான் புகார் எண்.